இருபத்தைந்து ஏற்றி இருபது தள்ளினால் ஐந்து ஏன் மிஞ்சவில்லை?

"அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். அடக்கத்துக்கு மேல் 25 சதவீதம் ஏற்றித்தான் சீட்டு ஒட்டுகிறேன். இந்த ஆடிக்குக் கடை முழுக்க 20 சதவீதம் தள்ளுபடி போட்டேன். 25-இல் 20 போனால் 5 மிஞ்ச வேண்டும் அல்லவா? மாதம் நாலு லட்சம் விற்கும் கடையில் ஆடியில் 6 லட்சத்து 40 ஆயிரம் விற்றது. சூரத், ஈரோடு பாக்கியைக் கொடுத்த பிறகு கையில் ஒன்றுமே இல்லை. வாடகை, சம்பளம், கரண்ட் பில் என்று 45 ஆயிரம் கைக்காசிலிருந்து போட்டேன். பணம் எங்கே போனது?"

தம்பி, அந்த ஐந்து சதவீதம் உங்கள் கல்லாவுக்கு வரவே இல்லை. கடைப் பிள்ளைகள் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். ஒரே ஒரு சேலையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடக்கம் 800 ரூபாய். அதற்கு 25 சதவீதம் என்றால் 200. சீட்டில் 1000 என்று ஒட்டுகிறீர்கள். ஆடியில் 20 சதவீதம் தள்ளுபடி. இந்த 20 சதவீதம் எதில் கழிகிறது? சீட்டு விலையான 1000-இல் கழிகிறது. அதுவும் 200 ரூபாய்தான். வாடிக்கையாளர் கொடுப்பது 800. நீங்கள் வாங்கின விலைக்கே கொடுத்துவிட்டீர்கள். ஏற்றும்போது 25 என்று சொன்ன அதே 200 ரூபாய்க்கு, இறக்கும்போது 20 என்று பெயர். உங்கள் 6 லட்சத்து 40 ஆயிரம் விற்பனையும் அப்படித்தான். சீட்டு விலைப்படி அது 8 லட்சத்துச் சரக்கு. அந்தச் சரக்கின் அடக்கமும் 6 லட்சத்து 40 ஆயிரம். வந்த பணம் அப்படியே சூரத்துக்கும் ஈரோட்டுக்கும் போய்விட்டது. அந்த மாதம் கடையைத் திறந்து வைத்த செலவு முழுவதும் உங்கள் தலையில் விழுந்தது.

25-இலிருந்து 20-ஐக் கழித்தது தவறு. இரண்டும் சதவீதம் என்பதால் கழித்துவிட்டீர்கள். ஆனால் ஒன்று 800-க்கு உண்டான சதவீதம், மற்றது 1000-க்கு உண்டான சதவீதம். இரண்டையும் ஒன்றோடொன்று கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது.

நான் கணக்கு எழுதப் பழகிய காலத்தில் பெரியவர்கள் இதை அணாவில்தான் சொல்லித் தந்தார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா. ஒரு ரூபாய்ச் சரக்கை "ரூபாய்க்கு நாலணா வைத்து" விற்றால் இருபது அணா வரும். அந்த இருபது அணாச் சரக்குக்கு "ரூபாய்க்கு நாலணா கழிவு" கொடுத்தால் எவ்வளவு குறையும்? நாலணா என்று வாய் சொல்லும். ஆனால் குறைவது ஐந்து அணா. இருபதில் கால் பங்கு ஐந்து. கைக்கு வருவது பதினைந்து அணா. போட்ட முதலில் ஓர் அணா நஷ்டம். ஏற்றினதும் கால், இறக்கினதும் கால், ஆனாலும் முதல் கடிக்கிறது. ஏற்றிய பிறகு ரூபாய் பெரிதாகிவிட்டது, கழிவு அந்தப் பெரிய ரூபாயிலிருந்து போகிறது.

இதையே மனக்கணக்காக வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அடக்கத்தில் நாலில் ஒரு பங்கை ஏற்றினால், அது விற்பனை விலையில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கை ஏற்றினால் விற்பனையில் நாலில் ஒன்று. பாதியை ஏற்றினால் மூன்றில் ஒன்று. அடக்கத்தையே இரட்டிப்பாக்கினால் பாதி. கீழே இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டால் போதும். நீங்கள் நாலில் ஒன்றை ஏற்றினீர்கள், அதனால் ஐந்தில் ஒன்றைத் தள்ளின உடனே அடக்கத்துக்கே வந்துவிட்டீர்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் குறைத்திருந்தாலும் முதல் போயிருக்கும்.

அடக்கத்தின் மேல் கணக்கிடுவதை மார்க்கப் என்பார்கள், விற்பனை விலையின் மேல் கணக்கிடுவதை மார்ஜின் என்பார்கள். உங்கள் கடையின் மார்க்கப் 25, மார்ஜின் 20. இரண்டும் ஒரே லாபத்தைத்தான் சொல்கின்றன. பெயரைப் பிடித்துக்கொண்டால் மட்டும் தப்பிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வியாபாரத்தில் இந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றித்தான் புழங்குகிறார்கள். சட்டத்திலேயே அப்படி உண்டு. மத்திய அரசின் 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில், உச்சவரம்பு விலையைக் கணக்கிடும்போது சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீத மார்ஜின் என்று வைத்திருக்கிறார்கள். அந்த 16-ஐக் கடைக்காரர் வாங்கும் விலையின் மேல் கூட்ட வேண்டும் என்பதுதான் அங்கே சூத்திரம். அதாவது பெயர் மார்ஜின், கணக்கு மார்க்கப். 100 ரூபாய்க்கு வாங்கி 116-க்கு விற்றால் விற்பனை விலையில் அது 13.8 சதவீதம்தான். அதனால் யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால் "எதன் மேல்?" என்று கேட்டுவிடுங்கள்.

கொள்முதலுக்கும் இது பொருந்தும். உள்ளாடை லைனுக்கு இரண்டு சேல்ஸ்மேன் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் "எம்ஆர்பியில் 30 சதவீதம் உங்களுக்கு" என்கிறார். இன்னொருவர் "நீங்கள் போடும் பணத்துக்கு 35 சதவீதம்" என்கிறார். 35 தான் பெரிதாகத் தெரியும். 100 ரூபாய் எம்ஆர்பி சரக்கை முதலாமவர் 70 ரூபாய்க்குத் தருகிறார். இரண்டாமவர் 74 ரூபாய்க்குத் தருகிறார், 74-இன் மேல் 35 சதவீதம் ஏற்றினால்தான் ஏறத்தாழ 100 வரும். 30 சொன்னவரிடம் வாங்கினால் உங்களுக்கு நாலு ரூபாய் அதிகம்.

இனித் தள்ளுபடிக்கு வருவோம். தள்ளுபடி சீட்டு விலையில் கழிகிறது. மார்ஜினும் சீட்டு விலையின் மேல் போட்ட கணக்கு. இரண்டும் ஒரே ரூபாயைப் பேசுவதால் இவற்றைத் தாராளமாகக் கழிக்கலாம். உங்கள் மார்ஜின் 20. 5 சதவீதம் தள்ளினால் சீட்டு விலையில் 15 மிச்சம், 10 தள்ளினால் 10 மிச்சம், 15 தள்ளினால் 5 மிச்சம், 20 தள்ளினால் பூஜ்யம். ஆடிக்கு முன் நீங்கள் போட வேண்டிய கழித்தல் இது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், தள்ளுபடி பத்து சதவீதம்தான், ஆனால் லாபம் பாதியாகிவிடுகிறது. 1000 ரூபாய்ச் சேலையில் 200 கிடைத்த இடத்தில் 100 கிடைக்கிறது. பழைய லாபத்தை எடுக்க இரண்டு மடங்கு சேலை போக வேண்டும். 15 சதவீதம் தள்ளினால் ஒரு சேலைக்கு 50 தான் நிற்கும், அதற்கு நாலு மடங்கு போக வேண்டும். நாலு மடங்கு சரக்கை வாங்கிப் போட முதலும், எடுத்துப் போட ஆளும் நம் ஊர்க் கடைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது? 5 சதவீதம் தள்ளினால்கூட மூன்று சேலை விற்ற இடத்தில் நாலு விற்றால்தான் பழைய லாபம். கடைசியில் பில் போடும்போது "ஐம்பது ரூபாய் குறைச்சுக்கோங்க" என்று அக்காமார்கள் கேட்பதும் இந்த 5 சதவீதம்தான். பார்க்கச் சின்னதாக இருக்கும், உங்கள் 200-இல் கால் பங்கு அது.

செலவையும் இதே ரூபாயில் அளந்து பாருங்கள். சாதாரண மாதத்தில் நாலு லட்சம் விற்பனை, 45 ஆயிரம் செலவு. விற்பனையில் 11.25 சதவீதம். மார்ஜின் 20-இல் இது போக மீதி 8.75, அதாவது 35 ஆயிரம், வீட்டுக்கு. ஆடியில் 10 சதவீதம் மட்டும் தள்ளியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். சீட்டு விலைப்படி 8 லட்சம் போன இடத்தில் 6 லட்சம் மட்டுமே போயிருக்கும் என்று வைப்போம். கைக்கு வருவது 5 லட்சத்து 40 ஆயிரம், அடக்கம் 4 லட்சத்து 80 ஆயிரம், நிற்பது 60 ஆயிரம். செலவு 45 ஆயிரம் போக 15 ஆயிரம் வீட்டுக்கு. வியாபாரம் ஒரு லட்சம் குறைவு, ஆனால் கைக்காசு போடாமல் தப்பித்திருப்பீர்கள். ஆடியில் ஜவுளிக்கடைக்கு அதுவே நல்ல மாதம்தான்.

ஒரு விஷயம் உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் எனக்கு உறுத்துகிறது. உங்கள் 800 என்பது ஜிஎஸ்டி சேர்ந்த விலையா, சேராத விலையா? சூரத் பில்லை எடுத்துப் பாருங்கள். பில்லில் சரக்கு மதிப்பு 800, அதற்கு 5 சதவீதம் வரி 40, ஆக 840 என்று இருந்து, அந்த 40-ஐ நீங்கள் ரிட்டர்னில் வரவு எடுப்பதால் அடக்கத்தை 800 என்று எழுதுகிறீர்கள் என்றால், அது சரியான அடக்கம்தான். ஆனால் சீட்டில் ஒட்டும் 1000 வரி உட்பட என்றால், அந்த 1000 முழுவதும் உங்களுடையது இல்லை. அதை 1.05-ஆல் வகுத்தால் 952 ரூபாய் 38 காசு. உங்களுக்கு நிற்பது 152 ரூபாய், மார்ஜின் 16 சதவீதம். இருபது என்று நம்பிக்கொண்டிருந்த இடத்தில் பதினாறு.

அப்படி இருந்தால் ஆடிக் கணக்கு நான் மேலே சொன்னதைவிட மோசம். 800-க்கு விற்ற சேலையில் வரி போக உங்களுக்கு வந்தது 762. அடக்கம் 800. சேலைக்கு 38 ரூபாய் நஷ்டம். 6 லட்சத்து 40 ஆயிரத்தில் ஏறத்தாழ 30 ஆயிரத்து 500 ரூபாய் வரி. ரிட்டர்ன் போடும்போதுதான் அது தெரியவரும். அதனால் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அடக்கம் வரி இல்லாமல் என்றால் விற்பனையையும் வரி இல்லாமல் வைத்துத்தான் மார்ஜின் பார்க்க வேண்டும். இரண்டையும் வரியோடு வைத்துப் பார்த்தாலும், ஒரே வரி விகிதம் என்றால் அதே சதவீதம்தான் வரும். ஒன்றை வரியோடும் ஒன்றை வரியில்லாமலும் பார்ப்பதுதான் ஆபத்து. நீங்கள் காம்போசிஷன் முறையில் இருந்தால் வாங்கும்போது கட்டிய வரி திரும்ப வராது, அடக்கம் 840 தான், அதன்மேல் விற்பனையில் 1 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும். அப்போது 1000-க்கு விற்றால் 150 தான் நிற்கும், 20 சதவீதத் தள்ளுபடியில் சேலைக்கு 48 ரூபாய் நஷ்டம்.

கடைப் பிள்ளைகளைச் சந்தேகப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கேயும் அடக்கத்துக்கு மேல் 25 சதவீதம்தான். வருஷ முடிவில் முதலாளி உட்கார்ந்து இருப்புக் கணக்குப் பார்த்தார். ஆரம்ப இருப்பு 4 லட்சம், வருஷக் கொள்முதல் 9 லட்சம், ஆக 13 லட்சத்துச் சரக்கு. விற்பனை 10 லட்சம். "25 சதவீதம் நம்ம லாபம், அப்போ விற்ற சரக்கோட அடக்கம் ஏழரை லட்சம். கடையில் அஞ்சரை லட்சத்துக்குச் சரக்கு இருக்கணும்" என்றார். எண்ணிப் பார்த்தோம். 5 லட்சத்துக்குத்தான் இருந்தது. 50 ஆயிரம் குறைகிறது.

கிடங்குச் சாவி ஒரு பையனிடம் இருந்தது. களக்காட்டுப் பக்கத்துப் பையன், கடையிலேயே தங்கி வேலை பார்த்தான். ஒரு வாரம் அவனை யாரும் நேராகப் பார்த்துப் பேசவில்லை. சாவியையும் வாங்கி வைத்துவிட்டார்கள். எனக்கும் அந்தக் கணக்கு சரியென்றே பட்டது, அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது. எட்டாம் நாள் இரவு, தனியாக ஒரு குடத்தின் சிட்டையை வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் பிடிபட்டது. குடம் வாங்கியது 400, விற்றது 500. விற்ற 500-இல் 25 சதவீதம் கழித்தால் 375 வருகிறது, 400 வரவில்லை. விற்பனையிலிருந்து அடக்கத்துக்குத் திரும்பிப் போக 25-ஐக் கழிக்கக் கூடாது, 1.25-ஆல் வகுக்க வேண்டும். 10 லட்சத்தை 1.25-ஆல் வகுத்தால் 8 லட்சம். 13-இல் 8 போனால் 5. இருப்பு காசுக்குக் காசு சரியாக இருந்தது. முதலாளி மறுநாள் காலையில் பையனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

உங்கள் கடையிலும் இதே சோதனையைச் செய்யலாம். ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் வரும். விற்பனையிலிருந்து அதைக் கழித்து, விற்பனையாலேயே வகுங்கள். 20-க்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் கடை நீங்கள் நினைத்தபடிதான் ஓடுகிறது. ஆடிட்டர் தரும் தாளில் மொத்த லாபம் 20 சதவீதம் என்று இருந்து, நீங்கள் 25 என்று நினைத்துக்கொண்டிருந்தாலும் பதற வேண்டாம், அது இதேதான். 17, 16 என்று இறங்கினால் அப்போது தேடுங்கள். பெரும்பாலும் பில்லில் எழுதாமல் வாயால் குறைத்துக் கொடுத்த ஐம்பதும் நூறுமாக இருக்கும், அல்லது மேலே சொன்ன வரிக் குழப்பமாக இருக்கும். அடக்கத்தில் லாரி வாடகையையும் பார்சல் கூலியையும் சேர்க்காமல் விட்டிருந்தாலும், சீட்டே குறைவாக ஒட்டப்பட்டு, இப்படித் தெரியாமல் லாபம் கரையும்.

சரி, விலையை எப்படி வைப்பது? முதலில் என்ன நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். தள்ளுபடி போன பிறகும் விற்ற விலையில் 15 சதவீதம் நிற்க வேண்டும், தள்ளுபடி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 15 எனக்கு என்றால் அடக்கம் 85. அதனால் 800-ஐ 0.85-ஆல் வகுங்கள், 941 வரும். வாடிக்கையாளர் கொடுக்க வேண்டியது இது. அது சீட்டு விலையில் 80 பங்கு, அதனால் 0.80-ஆல் வகுங்கள், 1176 வரும். 1180 என்று ஒட்டலாம். சரிபார்த்தால் 1180-இல் 20 சதவீதம் போக 944, அடக்கம் போக 144, அது 944-இல் 15 சதவீதத்துக்குச் சற்று மேல். ஏற்றியிருப்பது அடக்கத்தின் மேல் 47.5 சதவீதம். 15-ஐயும் 20-ஐயும் கூட்டி 35 ஏற்றினால் போதும் என்று நினைத்தால் சீட்டு 1080 ஆகும், தள்ளுபடி போக 864, நிற்பது 64 ரூபாய், ஏழு சதவீதம்தான். எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எக்செலில் விலைப்பட்டியல் வைத்திருந்தால் அதில் இருக்கும் சூத்திரத்தைத் திறந்து பாருங்கள். B2-இல் அடக்கம் என்றால்:

```
=B2*(1+25%)
=B2/(1-20%)
=B2/(1-15%)/(1-20%)
```

முதல் வரி 25 மார்க்கப், இரண்டாவது 20 மார்ஜின், இரண்டும் 800-க்கு 1000 தான் தரும். மூன்றாவது, 20 சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகு 15 நிற்கும் சீட்டு விலை. கடை மேசையில் இருக்கும் கால்குலேட்டரில் MU என்று ஒரு பொத்தான் இருக்கும். 800 ÷ 20 போட்டு அதை அழுத்திப் பாருங்கள். 1000 காட்டினால் அது விற்பனை விலையின் மேல் கணக்குப் போடுகிறது. இனி நீங்களே வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் 1180 என்று ஒட்டிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு அதுதான் என்று காட்டினேன், அவ்வளவுதான். ஆனியில் 1000-க்கு மாட்டியிருந்த சேலைக்கு ஆடியில் 1180 சீட்டு ஒட்டித் தள்ளுபடி என்று எழுதுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. அம்பையில், கல்லிடைக்குறிச்சியில் ஒரே சேலையை அக்கா ஒரு மாதமும் தங்கை ஒரு மாதமும் எடுப்பார்கள், வீட்டில் பில்லை வைத்துப் பார்ப்பார்கள். எம்ஆர்பி அச்சடித்து வரும் ரெடிமேட் சரக்கில் அதை அழித்து மேலே ஒட்டுவதற்குச் சட்டத்திலும் இடமில்லை. திருநெல்வேலியில் பெரிய கடைகள் பாதி விலை என்று பலகை வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் ஆடிக்கென்றே மொத்தமாக லாட் வாங்குகிறார்கள், அந்தச் சரக்கின் அடக்கமே வேறு. உங்கள் வழக்கமான சரக்கை வைத்து அவர்களோடு ஓட முடியாது.

உங்கள் மாதிரிக் கடைக்கு ஆடித் தள்ளுபடி எதற்கு? ஆடியில் கல்யாணம் இல்லை, கடை காற்று வாங்கும். ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் புதுச்சரக்கு வர வேண்டும், அதற்கு அலமாரியும் பணமும் வேண்டும். ஆகவே தள்ளுபடி தேங்கிய சரக்குக்குத்தான். போன தீபாவளியில் வந்து ஆடி வரை நிற்கிற சேலையில் உங்கள் 800 ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. அதை 800-க்கே கொடுத்தாலும், ஏன் 750-க்குக் கொடுத்தாலும், தப்பில்லை. வந்த பணத்தில் ஓடுகிற சரக்கை வாங்கி ஆவணியில் 1000-க்கு விற்கலாம். ஆனால் வாரா வாரம் போகிற நைட்டி, பாவாடை, வேட்டி, பள்ளிச் சீருடைக்கு எதற்குத் தள்ளுபடி? அவை எப்படியும் போகும். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கும் பாபநாசத்துக்கும் போகிற கூட்டம் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. துண்டும் வேட்டியும் தேவைக்கு வாங்குகிறவர்கள் அவர்கள். அந்த வாரத்தில் அந்தச் சரக்குக்கு 20 சதவீதம் விட்டது, கேட்காதவர் கையில் காசைக் கொடுத்தது போலத்தான்.

சப்ளையரிடமும் பேசுங்கள். ஆடி அவர்களுக்கும் மந்தம்தான். "ஆடியில் இந்தச் சரக்குக்கு நான் 10 விடுகிறேன், நீங்கள் பில்லில் 5 விடுங்கள்" என்று கேட்டால் பல பேர் இறங்கி வருவார்கள். அப்போதும் கணக்கை மறக்காதீர்கள். அவர் 5 சதவீதம் விடுவது 800-இன் மேல், அதாவது 40 ரூபாய். நீங்கள் 10 விடுவது 1000-இன் மேல், 100 ரூபாய். பாதியை அவர் ஏற்றுக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம், 60 உங்களுடையது.

அடுத்த ஆடிக்கு முன் சீட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்துவிடுங்கள். பழைய ஜவுளிக்கடைகளில் 0 முதல் 9 வரை பத்து எழுத்துகளை ரகசியமாக வைத்துக்கொண்டு, சீட்டின் மூலையில் அடக்கத்தை எழுத்தாக எழுதுவார்கள். நீங்கள் அடக்கத்தை எழுதாமல் அடிவிலையை எழுதுங்கள். 800 அடக்கச் சேலைக்குச் செலவு 11.25 சதவீதத்தையும் சேர்த்து 0.8875-ஆல் வகுத்தால் 901 வரும், 905 என்று வையுங்கள். வரிக் கணக்கு முன்னே சொன்னபடி இருந்தால் அதற்கு மேல் 5 சதவீதம் சேர்த்து 950. கல்லாவில் நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொடுங்கள். யார் எவ்வளவு கேட்டாலும் அந்த எண்ணுக்குக் கீழே உங்களைக் கேட்காமல் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேங்கிய சரக்குக்கு மட்டும் வேறு நிறத்தில் சீட்டு ஒட்டுங்கள், அதற்கு அடிவிலை கிடையாது.